கடைசி ஒரு மணி நேரம்: எதிருரையைச் சரிபார்க்க இரண்டு வழிகள்

வணிக நீதிமன்ற வழக்குகளில் எதிருரைக்கு ஒரு கெடு உண்டு. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். காரணம் சொல்லி, செலவுத்தொகை கட்டி நீட்டித்துக்கொண்டாலும் 120 நாளோடு கதவு சாத்தப்பட்டுவிடும். 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கொண்டுவந்த மாற்றம் இது. அந்த 120 நாளைத் தாண்டி ஒரு நாள்கூட நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே நூற்றிருபதாவது நாளன்று நான்கு மணிக்கு மேசைமேல் கிடக்கும் எதிருரையை எப்படியும் ஐந்து மணிக்கு முன்னால் தாக்கல் செய்தாக வேண்டும். பிழை இருக்கிறது என்பதற்காக நாளைக்குத் தள்ள முடியாது. மீதியிருக்கும் நேரத்தை எந்தப் பக்கங்களுக்குக் கொடுப்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இதற்கு அலுவலகங்களில் இரண்டு வழக்கங்களைப் பார்க்கிறேன். முதல் பக்கத்தில் பேனாவை வைத்து, நேரம் தீரும்வரை வரிக்கு வரி படித்துக்கொண்டே போவது ஒன்று. எந்தப் பிழை வழக்கைக் கவிழ்க்குமோ அதைத் தேடி முதலில் அங்கே போய், மற்றதை அப்படியே விட்டுவிடுவது மற்றொன்று. விபத்துப் பிரிவில் நோயாளிகள் வந்த வரிசையில் பார்க்காமல் யாருக்கு உயிர் போகும் நிலை என்று பார்ப்பார்களே, அதுபோல. முன்னதை நேர்வாசிப்பு என்றும் பின்னதைத் தரம்பிரிப்பு என்றும் இங்கே அழைக்கிறேன். இரண்டையும் ஒரே ஆவணத்தின்மேல் ஓடவிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

ஒரு மாதிரி வழக்கை எடுத்துக்கொள்வோம். நூல் விற்ற நிறுவனம் வாதி, பின்னலாடை நிறுவனம் பிரதிவாதி. 86,40,000 ரூபாய் பாக்கி என்று பிராது. அதில் 42 பத்திகள். நாம் பிரதிவாதி தரப்பு. வந்த நூலில் தரக்குறைவு, அதனால் நமக்குத்தான் நட்டம் என்று 18,75,000 ரூபாய்க்கு எதிர்கோரிக்கையும் வைக்கிறோம். எதிருரை தமிழில், 64 பக்கம். முதல் 20 பக்கங்கள் பூர்வாங்க ஆட்சேபணைகளும் வழக்கின் பின்னணியும். 21 முதல் 50 வரை பிராதின் பத்திகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில். 51 முதல் 60 வரை எதிர்கோரிக்கை. கடைசி நான்கு பக்கங்களில் பரிகாரம், ஆவணப் பட்டியல், உண்மை உறுதிமொழி.

நேர்வாசிப்பு எவ்வளவு தூரம் போகும்? அடித்த சட்ட ஆவணத்தைப் பிழை பார்க்கிற கண்ணோடு படித்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். அதைவிட வேகமாகப் போனால் வெறும் படிப்புதான் நடக்கும், பிழை பார்ப்பது நடக்காது. ஒரு மணி நேரத்தில் அச்செடுக்க, கட்சிக்காரர் கையெழுத்துப் போட, தாக்கல் பிரிவுக்கு ஓட என்று கால் மணி நேரத்தை ஒதுக்கியே ஆகவேண்டும். மீதி 45 நிமிடத்தில் 22 பக்கம். பூர்வாங்க ஆட்சேபணைகள் முழுவதும் பளபளவென்று ஆகிவிடும். பத்திவாரியான பதிலின் வாசலில் நிற்கும்போது குமாஸ்தா வந்து "சார், நேரமாச்சு" என்பார்.

இதில் உள்ள கோணல், எதிருரை என்ற ஆவணத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்பகுதியில் வாதம் இருக்கும். அதிகார வரம்பு இல்லை, வழக்குமூலம் இல்லை என்று எழுதியிருப்போம். அதில் ஒரு தீர்ப்பின் ஆண்டு தவறாக விழுந்தாலும் விவாதத்தின்போது வாயால் திருத்திக்கொள்ளலாம். வாதத்தைப் பின்னால் மெருகேற்ற எத்தனையோ வாய்ப்பு உண்டு. ஆவணத்தின் பின்பாதியில் இருப்பவை ஒப்புதலும் மறுப்பும், தேதியும் தொகையும். அவை பதிவாகிவிட்டால் பதிவானவைதான். அதாவது நேர்வாசிப்பு தன் முழு கவனத்தையும் திருத்தக்கூடிய பகுதிக்குக் கொடுத்துவிட்டு, திருத்தக் கடினமான பகுதியைத் தெய்வத்திடம் விட்டுவிடுகிறது.

திருத்தக் கடினம் என்று ஏன் சொல்கிறேன்? நடைமுறைச் சட்டத்தின் எட்டாவது கட்டளை, குறிப்பிட்டு மறுக்காத எந்தக் கூற்றையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வணிக வழக்குகளில் பிடி இன்னும் இறுக்கம். எதை மறுக்கிறோம், எது நமக்குத் தெரியாது, எதை ஒப்புக்கொள்கிறோம் என்று பிரித்துச் சொல்லவேண்டும். மறுத்தால் காரணமும் நம் தரப்பு விவரமும் தரவேண்டும். ஒப்புக்கொண்டதாகக் கருதிய சங்கதியையும் நிரூபிக்கச் சொல்லும் விருப்புரிமை நீதிமன்றத்துக்கு உண்டுதான். அதை நம்பி யாரும் எதிருரை தாக்கல் செய்வதில்லை. பின்னால் திருத்த மனு போடலாமே என்றால், எழுத்துப்பிழைக்கு அது எளிது, ஒப்புதலைத் திரும்பப் பெறுவதற்கு எளிதல்ல. மோடி ஸ்பின்னிங் வழக்கில் (1976) எதிருரையில் தந்த ஒப்புதலை அடியோடு மாற்றும் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இன்றைக்கும் முதலில் எடுத்துப்போடுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

இப்போது தரம்பிரிப்பு. இதற்கு முதல் ஐந்து நிமிடம் படிப்பே கிடையாது. கோப்பில் ஒரு நகல் எடுத்து வைப்பது, இனி திருத்தம் ஒரே ஒருவர் கணினியில்தான் என்று முடிவு செய்வது, பிராதையும் வாதியின் ஆவணங்களையும் பக்கத்தில் எடுத்து வைப்பது. பிழைகளை மனத்துக்குள் மூன்று கூறாகப் பிரித்துக்கொள்வது. தாக்கலானபின் திரும்பப் பெற முடியாதவை முதல் கூறு. தாக்கல் பிரிவில் 'ரிட்டர்ன்' போடக்கூடியவை இரண்டாவது. படிக்கிறவரை முகம் சுளிக்க மட்டும் வைப்பவை மூன்றாவது. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, வரி இடைவெளி எல்லாம் மூன்றாம் கூறு. கஷ்டம் என்னவென்றால், கண்ணை முதலில் இழுப்பவை இவைதான். 'நீதிமன்றம்' என்ற சொல்லில் ஒரு எழுத்து மாறியிருந்தால் எட்டடி தூரத்திலிருந்தே தெரிகிறது. வழக்கைக் கவிழ்க்கும் பிழைகளோ பெரும்பாலும் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாத அழகான வாக்கியங்களாக இருக்கின்றன. நேர்வாசிப்பு கண்ணின் போக்குக்குப் போகிறது. தரம்பிரிப்பு கண்ணை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடாக நான் நினைப்பது இதைத்தான்.

அடுத்த 20 நிமிடம் முழுவதும் பத்திவாரிப் பதிலுக்கு. இருவர் வேண்டும். ஒருவர் கையில் பிராது, மற்றவர் கையில் எதிருரை. பிராதுக்காரர் பத்தி எண்ணையும் அதன் சாரத்தை நான்கு சொல்லிலும் சொல்லவேண்டும். எதிருரைக்காரர் அந்தப் பத்திக்கான பதிலைத் தேடி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை உரக்கப் படிக்கவேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வந்து நிற்பது இங்கே பெரிய வசதி. நான்கு வரி நீளமான வாக்கியமானாலும் ஒப்புதலா மறுப்பா என்பது கடைசிச் சொல்லில் தெரிந்துவிடும். ஒரு பத்திக்கு அரை நிமிடம் வைத்தால் 42 பத்திக்கு ஏறக்குறைய 20 நிமிடம்.

"பதினாறு, விலைப்பட்டியல் அனுப்பியது."

"ஒப்புக்கொள்ளப்படுகிறது."

"பதினேழு, தரத்தைப் பற்றிப் புகாரே சொல்லாமல் சரக்கை ஏற்றது."

"பதினேழா? இங்கே பதினாறுக்கு அப்புறம் பதினெட்டுதான் இருக்கு சார்."

பதினேழாவது பத்திக்குப் பதிலே இல்லை. வரைவு எழுதும்போது விட்டுப்போயிருக்கலாம், வெட்டி ஒட்டும்போது காணாமல் போயிருக்கலாம். எதிருரையின் பத்தி எண்களைக் கணினியே வரிசையாகப் போட்டுக்கொண்டு போவதால் ஓட்டை வெளியே தெரியாது. நம் எதிர்கோரிக்கை முழுவதும் தரக்குறைவுப் புகாரின்மேல் நிற்கிறது. புகார் சொல்லாமல் ஏற்றுக்கொண்டோம் என்பதை மறுக்காமல் விட்டால் அந்தக் கோரிக்கைக்கு அடித்தளமே இருக்காது. கவனியுங்கள், இந்தப் பிழையை நேர்வாசிப்பு முழு நாள் உட்கார்ந்தாலும் பிடித்திருக்காது. அது இருக்கிற எழுத்தைப் படிக்கும். இல்லாததைக் காட்டிக்கொடுக்க வேறொரு தாள் பக்கத்தில் வேண்டும்.

சற்று நேரத்தில் இருபத்தொன்று வருகிறது. பிரதிவாதி பாக்கித்தொகையை உறுதிசெய்து கையெழுத்திட்டார் என்பது வாதியின் கூற்று. எதிருரையின் 33ஆம் பக்கத்தில் இருப்பது: "பிராதின் 21ஆம் பத்தியில் கண்டபடி பிரதிவாதி நிலுவையை உறுதிசெய்து கையெழுத்திட்டார் என்பது மறுக்கப்படவில்லை." எழுதியவர் மனத்தில் இருந்தது 'ஒப்புக்கொள்ளப்படவில்லை'. முந்தைய வரியிலிருந்து 'மறுக்க' ஒட்டிக்கொண்டது. இலக்கணம் சரி, எழுத்து சரி, பொருள் தலைகீழ். இந்த வகைப் பிழைக்குக் கணினியிலும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'படவில்லை' என்று தேடி, வருகிற ஒவ்வொன்றையும் பார்த்துவிடலாம். ஆனால் கோப்பு யூனிகோடில் இருந்தால்தான் இது நம்பகமாக நடக்கும். பழைய எழுத்துருவில் அடித்ததென்றால் அதே எழுத்துருவில் தட்டித் தேடவேண்டும்; இல்லையேல் 'எதுவும் இல்லை' என்று கணினி சொல்வதை நம்பி ஏமாறுவோம்.

அடுத்த 12 நிமிடம் தேதிக்கும் தொகைக்கும். இவற்றை எதிருரைக்குள்ளேயே ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே தவறு மூன்று இடத்தில் ஒரேமாதிரி இருந்தால் எல்லாம் பொருந்துவதாகத் தோன்றும். மூல ஆவணத்தோடு, அதாவது வங்கிக் கணக்கு, விலைப்பட்டியல், பேரேடு இவற்றோடு ஒப்பிடவேண்டும். எல்லாத் தேதியையும் பார்க்க நேரம் இருக்காது. காலவரையறையைத் தொடுகிற தேதிகளை மட்டும் எடுக்கலாம்.

நம் மாதிரி வழக்கில் அப்படி ஒரு தேதி இருக்கிறது. பிரதிவாதி கடைசியாகக் காசோலை கொடுத்தது 12.05.2022. பாக்கிப் பணம் கொடுத்தால் அந்த நாளிலிருந்து வாதிக்குப் புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். அது 12.05.2025 அன்று முடிந்தது. வழக்குத் தாக்கலானது 24.11.2025. வழக்குக்கு முந்தைய மத்தியஸ்தத்தில் போன நாட்களைக் கழித்துக்கொள்ள வாதிக்கு உரிமை உண்டு. சட்டம் அதற்கு அனுமதிக்கும் அதிக அளவான ஐந்து மாதத்தைக் கழித்தாலும் 12.10.2025ஓடு முடிந்துபோகிறது. ஆகவே காலாவதி என்பது நம் பலமான எதிர்வாதம். எதிருரையின் ஒன்பதாம் பக்கத்தில் அதைச் சரியாகவே எழுதியிருக்கிறோம். 38ஆம் பக்கத்தில், வேறொரு பத்திக்குப் பதில் சொல்லும்போது, அதே காசோலைத் தேதி 12.05.2023 என்று விழுந்திருக்கிறது. அப்படியானால் வாதிக்கு 2026 மே வரை நேரம் இருந்தது என்று நாமே எழுதிக்கொடுத்ததாக ஆகும். வங்கிக் கணக்கைக் காட்டிப் பின்னால் விளக்கலாம். ஆனால் காலாவதி ஆட்சேபணையைத் தொடக்கத்திலேயே எடுத்து வாதாடும் வாய்ப்பு போய்விடும். 'அது விசாரணையில் பார்க்கவேண்டிய சங்கதி' என்று வாதி தரப்பு கையை விரிக்கும். நேர்வாசிப்பு ஒன்பதாம் பக்கத்தைப் படித்துத் திருப்திப்பட்டிருக்கும், முப்பத்தெட்டுக்கு வந்தே இருக்காது.

தொகையில் வேலை சுருக்கம். எதிர்கோரிக்கையின் மூன்று இனங்கள் 11,20,000, 4,58,000, 2,70,000. கூட்டினால் 18,48,000 வருகிறது. கீழே மொத்தம் 18,75,000 என்றிருக்கிறது. 27,000 வித்தியாசம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பக்கத்துப் பக்க இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்குப்பிள்ளைகளின் பழைய சூத்திரம். 27,000 வகுபடுகிறது. பேரேட்டில் 4,85,000. இதை ஏன் விடக்கூடாதென்றால், எதிர்கோரிக்கை பிராதைப்போலவே கருதப்படுவது. அதற்கு நீதிமன்றக் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டில் 3 விழுக்காட்டுக் கணக்கில் 18,75,000க்கு 56,250 ரூபாய். இனங்களும் மொத்தமும் கட்டணமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் தாக்கல் பிரிவு ரிட்டர்ன் போடும். இது இரண்டாம் கூறு. கொடுத்த கெடுவுக்குள் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்தால் பொதுவாக முதல் தேதியே நிற்கும். ஆனாலும் நூற்றிருபதாவது நாளில் அந்தச் சோதனை வேண்டாம்.

மீதி எட்டு நிமிடத்தில் வழக்கு எண், தரப்பினர் பெயர், பரிகாரப் பத்தி. பரிகாரத்தில் வாதியும் பிரதிவாதியும் இடம் மாறியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதும். எதிர்கோரிக்கை வைக்கும் எதிருரையில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். இங்கே அவசரப்பட்டு 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானை அழுத்துவது பெரும் தொல்லை. 'வாதி'யை மாற்றச் சொன்னால் 'பிரதிவாதி'க்குள் இருக்கும் 'வாதி'யும் சேர்ந்து மாறும். ஆவணம் முழுக்கப் 'பிரதிபிரதிவாதி' முளைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதாவது பரவாயில்லை, பார்த்ததும் தெரிகிறது. தெரியாமல் மாறியவைதான் பயம்.

திருத்தும் முறையிலும் இரு வழிகளும் வேறுபடுகின்றன. நேர்வாசிப்பவர் போகிற போக்கில் வாக்கியத்தை அழகுபடுத்துவார், ஒரு வரி சேர்ப்பார். வணிக வழக்கின் உண்மை உறுதிமொழியில் இந்த எதிருரை மொத்தம் இத்தனை பக்கம், ஒவ்வொன்றிலும் நான் கையெழுத்திட்டிருக்கிறேன் என்று கட்சிக்காரர் சொல்கிறார். சேர்த்த வரிகளால் 64 பக்கம் 65 ஆனால் அந்த வாசகமே பொய்யாகிவிடும். பின்னால் வருகிற பக்கங்களெல்லாம் நகர்ந்து ஆவணப் பட்டியலின் பக்க எண்களும் கெடும். தரம்பிரிப்பில் சொல்லுக்குச் சொல், எண்ணுக்கு எண் என்று இடம்மாற்றுவது மட்டும்தான். விட்டுப்போன பதினேழாவது பத்திக்கான பதிலைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பதால், உறுதிமொழியில் பக்க எண்ணிக்கைக்கு இடம் விட்டு அச்செடுத்து, கடைசியில் எண்ணிப் பார்த்துப் பேனாவால் நிரப்புவது உசிதம்.

இதுவரை தராசு ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது. நேர்வாசிப்பின் பலத்தையும் சொல்லவேண்டும். தேடாததைக் கண்டுபிடிப்பது அதன் குணம். இதே எதிருரையில் 14ஆம் பக்கம் குறைபாடுள்ள நூல் முழுவதையும் திருப்பி அனுப்பினோம் என்கிறது. 44ஆம் பக்கம் அதே நூலில் பின்னிய துணிக்கு வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்டார் என்கிறது. திருப்பி அனுப்பிய நூலில் எப்படிப் பின்னினோம்? குறுக்கு விசாரணையில் வாதி தரப்புக்கு இது விருந்து. பத்தி எண், கடைசி வினை, தேதி, தொகை என்று தாவித் தாவிப் படிக்கும் தரம்பிரிப்பின் வலையில் இந்த முரண் சிக்காது. ஒருவரே தொடர்ச்சியாக, கதையாகப் படித்தால்தான் உறுத்தும். ஆனால் அதற்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் வேண்டும். 22 பக்கத்தில் நிற்கும் நேர்வாசிப்புக்கும் இது சிக்காது. எனவே கதையின் முரணைப் பிடிப்பது கடைசி மணி நேரத்தில் இரண்டு வழிக்குமே எட்டாத வேலை. அதை வரைவு எழுதிய வாரத்திலேயே செய்திருக்கவேண்டும்.

தரம்பிரிப்புக்கு இன்னொரு குறை உண்டு. எது திரும்பப் பெற முடியாத பிழை என்று தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். சட்டக் கல்லூரியிலிருந்து நேற்று வந்த ஜூனியரைத் தனியாக விட்டால், முக்கியமில்லாத தேதியைத் துருவிக்கொண்டிருப்பார். அவர் எதிருரையைப் பிடித்துக் கடைசிச் சொல்லைப் படிக்கட்டும். பிராதைப் பிடிப்பவர் வழக்கு தெரிந்தவராக இருக்கவேண்டும்.

எந்த வழியை எப்போது எடுப்பது என்பதற்கு ஒரு பெருக்கல் கணக்கே போதும். பக்க எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வரும் நிமிடங்கள் கையில் உள்ள 45க்குள் அடங்கினால் நேர்வாசிப்பே மேல். இருபது பக்க எதிருரையில் தரம்பிரிப்பது வீண் சாமர்த்தியம். அடங்காவிட்டால் தரம்பிரிப்பு. இரண்டையும் பாதிப் பாதி கலப்பதை நான் ஏற்பதில்லை. முதல் பத்துப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பிறகு தாவலாம் என்று தொடங்குகிறவர்கள் அந்தப் பத்துப் பக்கத்திலேயே மூழ்கி அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

தரம்பிரித்துப் படித்தால் கடைசியில் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிச் சீனியர் கட்டில் வைக்கவேண்டும். எந்தெந்தப் பக்கங்களை யாரும் முழுதாகப் படிக்கவில்லை, கண்ணில் பட்டும் திருத்தாமல் விட்ட பிழைகள் எவை என்று. தாக்கலான மறுநாள் அந்தப் பக்கங்களை நிதானமாகப் படித்து, தேவையானால் திருத்த மனுவை உடனே போடலாம். வணிக வழக்கில் எதிருரைக்குப் பிறகு வழக்கு மேலாண்மை விசாரணை வரும், எழுவினாக்கள் வனையப்படும். விசாரணை தொடங்கிவிட்டால் திருத்தத்துக்கு, முன்பே ஏன் கேட்கவில்லை என்பதற்கும் சேர்த்துக் காரணம் சொல்லவேண்டியிருக்கும்.